குடைக் கிராணி

மார்கிரட் அந்தப் பிரியாவிடைக் கூட்டத்துக்கு வந்ததே பெரிய காரியம். காலையில்கூட, "தலை வலிக்குது, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன் ஞானரட்ணம் வற்புறுத்துகிற ஆளா? "சரி" என்று கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். இரண்டாம் கிராணி முத்துலிங்கத்தின் சம்சாரம் நாகலெட்சுமி வந்து, "என்னக்கா இது, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி பொண்டாட்டி இல்லாம பிரியாவிடையா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால்தான் அவள் போனாள்.

ஞானரட்ணம் ஒத்தப்பாறைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. டயகமைக்கும் மேலே, மேகம் வந்து ஜன்னலைத் தட்டுகிற உயரத்தில் இருக்கிற தோட்டம். அந்த ஆபீசில் பதினைந்து வருஷம் பேனா பிடித்துவிட்டு, அறுபத்துநாலாம் வருஷத்து ஆனி மாதத்தில் ஓய்வு பெறுகிறார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மறுநாள் காலையில் லொறி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு கொத்மலைக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே அவருடைய அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டி வைத்திருந்தார்.

மார்கிரட் கொத்மலைக்குப் போகப்போவதில்லை. இது அவருக்கு இன்னும் தெரியாது. வட்டகொடையில் இருக்கிற தங்கச்சிக்குச் சொல்லியனுப்பிவிட்டாள், "நான் ஒன்னோடயே வந்து இருந்துக்கிறேன்" என்று. தன்னுடைய சேலை துணிமணிகளை இரண்டு பெட்டிகளில் அடைத்துத் தனியாக வாசலோரம் வைத்துவிட்டாள். அவர் அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். ஏன் தனியாக வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பாள். கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தாள்.

அப்படி என்ன கோபம் என்று கேட்பீர்கள். அடித்தாரா? இல்லை. குடித்தாரா? கிறிஸ்மஸுக்குக் கொடுக்கிற திராட்சரசம்கூட அவர் தொண்டையில் இறங்கியதில்லை. அவளுடைய கோபம் ஒரே ஒரு நாளைப் பற்றியது.

கல்யாணமாகிப் பத்துப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாக மெழுகுதிரி ஏற்றி, கடைசியில் ஒரு பெண் பிறந்தது. பிரசவத்துக்கு மார்கிரட் வட்டகொடையில் தாய் வீட்டில் இருந்தாள். ஞானரட்ணத்துக்கு ஒத்தப்பாறையில் வேலை கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பிள்ளை பிறந்த செய்தி கேட்டு சனிக்கிழமை ரயிலில் வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். றோசலின் என்று பேர் வைத்தார்கள். மூச்சு வாங்கக் கஷ்டப்பட்ட பிள்ளை. மருத்துவச்சியே நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளை போய்விட்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஞானரட்ணமும் அவளுடைய தம்பியும் கோயில்காரரும் மழையில் கல்லறைக்குப் புறப்பட்டார்கள். பச்சை உடம்புக்காரி, வெளியே போகக்கூடாது என்று அவளைக் கட்டிலோடு நிறுத்திவிட்டார்கள். அவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் வருவார், பக்கத்தில் உட்காருவார், ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் கையையாவது பிடித்துக்கொள்வார் என்று கிடந்தாள். தம்பி மட்டும் நனைந்துபோய் வந்தான். "மச்சான் எங்கடா?" என்றதற்கு, "அவரு அங்கேயிருந்தே ரயில் டேசனுக்குப் போயிட்டாரு அக்கா, வேலைக்கு" என்றான்.

பிள்ளையைப் புதைத்த கையோடு வேலைக்குப் போன மனுஷன். மார்கிரட்டின் நெஞ்சில் அந்த வாசகம் அப்படியே உட்கார்ந்துகொண்டது. பிள்ளையைப் புதைத்த பக்கம் போகவே மனசு வராமல், மூன்று மாதம் கழித்துத் தோட்டத்துக்கு வந்தாள். சமைத்துப் போட்டாள், துணி துவைத்தாள், ஞாயிறு பூசைக்குக் கூடவே போனாள். ஆனால் றோசலின் என்ற பேரை இரண்டு பேரும் வாயில் எடுக்கவே இல்லை. அக்கம்பக்கத்தில், "பிள்ளைகுட்டி இல்லையா?" என்று கேட்டால், "இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பாவம் பார்க்கிற கண்களை அவளுக்குப் பிடிக்காது. அவரும் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் அவளுக்கு ஒரு கோபம். ஒரு மனுஷன், தன் பிள்ளை செத்ததைப் பக்கத்து மேசைக்காரனிடம்கூடச் சொல்லாமல் இருப்பானா? மனசில் ஏதாவது இருந்தால்தானே வெளியே வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் உத்தியோகத்தர் கிளப்பில் நடந்தது. காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். வடையும் கேசரியும் வாழையிலையில் காத்துக்கொண்டிருந்தன. மேசைக்குப் பின்னால் தோட்டத்துத் துரை, அவர் பக்கத்தில் மாலையோடு ஞானரட்ணம். பெண்கள் உட்காரப் பக்கவாட்டில் தனி வாங்கு. துரை இரண்டு நிமிஷம் இங்கிலீஷில் பேசிக் கைகுலுக்கிவிட்டு உட்கார்ந்தார். பேக்டரி டீமேக்கர் றோலண்ட் கொஞ்சம் பேசினார். அதுவரை எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். முத்துலிங்கம் எழுந்ததும் பின்வரிசையில் செருமலும் சிரிப்பும் கிளம்பின.

"என்ன இப்பவே சிரிக்கிறாங்க?" என்று மார்கிரட் கேட்டாள்.

நாகலெட்சுமி காதோடு சொன்னாள். "இனிமேத்தான் அக்கா விசயமே. பட்டப்பேரு சொல்லப் போறாங்க."

"யாருக்குப் பட்டப்பேரு?"

"ஒங்க வீட்டு ஐயாவுக்குத்தான். இந்த ஆபீசுல எல்லாருக்கும் ஒண்ணு இருக்குக்கா. ஆளுக்கு முன்னால சொல்ல மாட்டாங்க. பொண்டாட்டிமாருக்கும் சொல்லக்கூடாதாம். போற அன்னைக்குத்தான் மேடையில சொல்லுவாங்க. எங்க வீட்டு மனுஷன் தூக்கத்துல ஒளறி எனக்குத் தெரியும். கேக்காதீங்க, அவரே சொல்லுவாரு."

மார்கிரட்டுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஐம்பத்தைந்து வயசு ஆளுக்குப் பட்டப்பெயரா, அதை மேடையில் வேறு சொல்லுவார்களா என்று இருந்தது. எழுந்து போகலாமா என்று பார்த்தாள். வழியை அடைத்துக்கொண்டு நாகலெட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

முத்துலிங்கம் தொண்டையைக் கனைத்தார். சும்மா சொல்லக்கூடாது, பேச்சில் மனுஷன் கில்லாடி. "பெருமதிப்புக்குரிய துரை அவர்களே, சபையோர்களே" என்று செந்தமிழில் தூக்கி வைத்துத் தொடங்கி, மூன்றாவது வசனத்திலேயே வழுக்கி வீட்டுப் பேச்சுக்கு வந்துவிட்டார்.

"நம்ம ஆபீசு வழக்கம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். இங்க ஒரு ஆளுக்குப் பேரு வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. தானா விழணும். நாலு பேரு ஒக்காந்து யோசிச்சி வச்ச பேரு நாலு நாளைக்கு நிக்காது. ஒருத்தரோட ஒடம்புக் குறையை வச்சிப் பேரு வைக்கக்கூடாது. நொண்டி, மாறுகண்ணு, அதெல்லாம் இந்த ஆபீசுல கிடையாது. அவரு செஞ்ச ஒரு காரியத்துல இருந்துதான் பேரு வரணும். யாரு மொதல்ல அந்தப் பேரைச் சொன்னாங்களோ அவங்கதான் பிரியாவிடையில கதையைச் சொல்லணும். அவங்க செத்துப்போனாலோ மாறிப்போனாலோதான் மத்தவங்க சொல்லலாம். நல்ல காலம், நான் சாகவும் இல்ல, மாறவும் இல்ல. ஐயாவுக்குப் பேரு வச்ச பாவி நான்தான்."

சபை சிரித்தது. ஞானரட்ணமும் லேசாகச் சிரித்துக்கொண்டு மேசை விரிப்பைத் தடவினார்.

"போன வருசம் மருந்துக் களஞ்சியத்துப் பொன்னையா அண்ணன் போனாரு. அவருக்கு என்ன பேரு?"

"வெத்திலப் பெட்டி!" என்று பின்வரிசை கத்தியது.

"ஆமா. துரை கூப்புட்டப்ப அவசரத்துல மருந்துப் பெட்டின்னு வெத்திலப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனதால வந்த பேரு. அவருக்கு ஒரு பித்தள வெத்திலப் பெட்டியே குடுத்து அனுப்புனோம். பேருக்கேத்த பரிசு, அதுவும் நம்ம வழக்கம். இன்னைக்கு ஐயாவோட பேரைச் சொல்றதுக்கு முன்னால அவருகிட்ட ஒண்ணு கேக்குறேன். ஐயா, நீங்க பங்களா வளைவுல நடந்து வரும்போது, ஆபீசுக்குள்ள யாராச்சும் ஒருத்தரு 'மழை வருதுப்பா'ன்னு சொல்லுவாங்களே, கேட்டிருக்கீங்களா?"

ஞானரட்ணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"வெயில் காய்ஞ்சப்பவும் சொல்லுவோமே?"

"சொல்லுவீங்க. டயகமைப் பக்கம் எப்பவும் மழைதானேன்னு நெனச்சிக்கிட்டேன்."

கிளப்பே அதிர்ந்தது. துரைக்கு யாரோ இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல, அவரும் தொடையைத் தட்டினார். மார்கிரட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிக்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டு மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தாள்.

"அது மழையைச் சொல்லல ஐயா, ஒங்களைத்தான் சொன்னது. கணக்கு எழுதாம கதை பேசிக்கிட்டு இருக்கிறவங்க மேசைக்குத் திரும்புறதுக்கு அது சாடை. பேக்டரியில கேட்டா வேற மாதிரி. 'கொடை விரிஞ்சிருக்கா, மடங்கியிருக்கா?'ன்னு கேப்பாங்க. விரிஞ்சிருக்குன்னா ஐயா நல்ல மாதிரியா இருக்காரு, லீவு கேக்கலாம். மடங்கியிருக்குன்னா நாளைக்கு வா. லயத்துல இருக்கிற தொழிலாளிங்களுக்கும் தெரியும். பெரட்டுக்களத்துல கங்காணிமாரு பேசிக்கிறதே அந்தப் பேரைச் சொல்லித்தான். இத்தன வருசமா ஒரு தோட்டமே ஒரு பேரைச் சொல்லி, அந்த ஆளு காதுல மட்டும் விழாமக் காப்பாத்துனோமே, அதுக்கே எங்களுக்கு ஒரு சம்பள உயர்வு தரணும்."

முத்துலிங்கம் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே அந்தப் பேரு வந்த கதை. நாப்பத்தொம்பதாம் வருசம், ஆடி மழை. ஐயா அப்ப சின்னக் கிராணியா புதுசா வந்து ஒரே ஒரு வாரம். சனிக்கெழம ஊருக்குப் போனவரு திங்கக்கெழம காலையில வரல. அன்னைக்கு செக்ரோல் முடிக்கிற நாளு, தோட்டத்து ஆளுங்க எல்லாரோட பேரும் வேலையும் சரி பார்த்து எழுதி அனுப்பணும். அப்ப இருந்த பெரிய கிராணி பல்லைக் கடிக்கிறாரு. 'புது ஆளு, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள வரலன்னா வேற ஆளு பாக்கச் சொல்லுவேன்'னு."

மார்கிரட் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாப்பத்தொம்பது, ஆடி, திங்கட்கிழமை. அவளுக்கு வேறு எந்தத் திங்கட்கிழமையும் இல்லை.

"மத்தியானம் ஆபீசுக் கதவு தெறக்குது. மொதல்ல ஒரு கொடை வருது. பெரிய கறுப்புக் கொடை. கதவுல சிக்குது. ஆளு மடக்கலாமில்ல? மடக்கல. சாய்ச்சி, திருப்பி, கொடையை உள்ள கொண்டாந்து, பின்னாலயே ஐயா வர்றாரு. வந்து மேசையில ஒக்காந்தாரு. எடது கையில தலைக்கு மேல விரிச்ச கொடை. வலது கையில பேனா. செக்ரோலைத் தெறந்து எழுத ஆரம்பிச்சிட்டாரு!"

சிரிப்பு மெல்லத் தொடங்கி அலையாக எழும்பியது. முத்துலிங்கம் தன் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வலது கையால் காற்றில் எழுதிக் காட்டினார். றோலண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞானரட்ணம் சிரிக்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குன்னா ஒண்ணும் புரியல. ஆபீசு கூரை ஒழுகுதான்னு நான் மேல பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல. பியூன் வீரய்யா, 'ஐயா, வூட்டுக்குள்ள கொடை விரிச்சா ஆகாதுங்க'ன்னான். காதுலயே விழல. பெரிய கிராணி கிட்டப் போயி, 'என்னய்யா இது?'ன்னாரு. ஐயா நிமிந்து பார்த்துட்டு, 'மழைங்க சார், நனைஞ்சிரும்'னாரு. 'எது நனைஞ்சிரும்?'னு கேட்டா, திரும்பவும் குனிஞ்சி எழுதுறாரு. சரி, செக்ரோல் நனைஞ்சிரும்னு சொல்றாருன்னு நாங்க எடுத்துக்கிட்டோம். பாருங்க, கடமையில எவ்வளவு கவனம். தேத்தண்ணி வந்திச்சி. எடது கையில கொடை, வலது கையில பேனா, கோப்பையை எந்தக் கையில வாங்குறது? குடிக்கவே இல்ல. அந்திக்கு ஆபீசு மூடுற வரைக்கும் அந்தக் கை கீழ எறங்கல. எழுதின செக்ரோல்ல ஒரு பிழையும் இல்ல. வேலையும் தப்பிச்சிது. அப்பறம் எந்திரிச்சி, விரிச்ச கொடையோடவே நடந்து போயிட்டாரு. லொறி அழகுமுத்து பொறகு சொன்னான், தலவாக்கலையில இருந்து லொறியில ஏத்திட்டு வந்தானாம். 'முன்னுக்கு எடம் இருக்கு ஐயா, ஏறுங்க'ன்னு சொல்லியும் கேக்காம, பின்னுக்குத் தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்துல கொடையைப் புடிச்சிக்கிட்டே நின்னாராம். அதுவும் தன் தலைக்குப் புடிக்கல. முன்னுக்குச் சாய்ச்சி, கீழ எதுக்கோ புடிக்கிற மாதிரி. ஆளு தொப்பலா நனைஞ்சி நின்னாராம். அன்னைக்கு அந்திக்கு நான் சொன்னேன், 'நமக்குக் கெடைச்சது கிராணி இல்லடா, குடைக் கிராணி'ன்னு. அதோட ஒட்டிக்கிட்டுது."

மார்கிரட்டுக்கு அந்தக் கிளப்பும் தோரணமும் சிரிக்கிற வாய்களும் எங்கேயோ தள்ளிப் போய்விட்டன. நனைஞ்சிரும். எது நனைந்துவிடும் என்று இந்தச் சபையில் அவளுக்கு மட்டும் தெரிந்தது. பழைய பச்சை உடம்பு வலி திரும்பி வந்த மாதிரி இருந்தது. இத்தனை காலம் அவள் கண்ணில் இருந்தது, காய்ந்த கோட்டோடு ரயிலேறிப் போய், காய்ந்த மனசோடு நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதிய ஒரு ஆள். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. பிள்ளையின் பெட்டிக்கு மேல் பிடித்த குடையை மடக்க முடியாமல், ஆபீசு முழுக்கப் பார்த்துச் சிரிக்க, கை மரத்துப்போக உட்கார்ந்திருந்தவர்தான் அவள் புருஷன். அதை அவளுக்கு இந்த முத்துலிங்கமா சொல்ல வேண்டும், வடையும் கேசரியும் வைத்துக்கொண்டு?

முத்துலிங்கம் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். அடங்கியதும் அவருடைய குரலும் மாறியது.

"கேலிக்கு வச்ச பேருதான். ஆனா போகப் போக வேற மாதிரி ஆகிப்போச்சி. நான் ஒரு தடவை கொழுந்துக் கணக்கைத் தலைகீழா எழுதி வச்சேன். துரை குதிக்கிறாரு. ஐயா எந்திரிச்சி, 'நான்தான் பார்க்காமக் கையெழுத்துப் போட்டேன்'னு திட்டு வாங்கிக்கிட்டாரு. கொழுந்தெடுக்கிற வேலாயிக்குப் பிள்ளைப்பேறு லீவு இல்லன்னப்ப, சட்டத்தை எடுத்துட்டுப் போயி நின்னாரு. நம்ம தலையில விழுற மழையெல்லாம் அவரு மேல விழுந்திச்சி. கேலி போயி, பேரு நின்னுக்கிச்சி. இப்ப நாங்க குடைக் கிராணின்னு சொன்னா, அப்பான்னு சொல்ற மாதிரி ஐயா."

அப்பா. அந்தச் சொல் மார்கிரட்டைக் குத்தியது. ஞானரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"இப்ப வழக்கப்படி பெரட்டு" என்று முத்துலிங்கம் அறிவித்தார். இதுதான் அந்த ஆபீசின் கடைசிச் சடங்கு. காலையில் பெரட்டுக்களத்தில் தொழிலாளரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது போல, ஓய்வு பெறுகிறவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பெயரை ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடலாம். எல்லோரும் எழுந்து நின்று, ஒரே குரலில், "குடைக் கிராணி!" என்றார்கள்.

ஞானரட்ணம் எழுந்தார். கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு நின்றார். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். "இருக்கேன்" என்றார், ரொம்ப மெதுவாக. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வெள்ளிப் பூண் போட்ட புதுக் குடை ஒன்றை றோலண்ட் அவர் கையில் கொடுத்தார். "விரிங்க ஐயா, விரிங்க, போட்டோ எடுக்கணும்" என்று பின்னாலிருந்து குரல்கள். அவர் குடையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர விரிக்கவில்லை.

"நீங்க சொன்ன அந்த நாளு எனக்கு ஞாபகமே இல்ல" என்றார். "நான் அன்னைக்கு ஆபீசுக்கு வந்தது, எழுதுனது, ஒண்ணும் ஞாபகமில்ல. ஆனா நீங்க அன்பா வச்ச பேரு. எடுத்துக்கிறேன்."

அதுவும் நல்ல வேடிக்கை என்று நினைத்துச் சபை சிரித்தது. முத்துலிங்கம் சிரித்த முகத்தோடு பெண்கள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. வீட்டுலயும் இப்பிடித்தான் கொடை புடிச்சிக்கிட்டு ஒக்காருவாங்களா?"

எல்லா முகமும் அவளைப் பார்த்தது. ஒரு வார்த்தையில் அந்தச் சிரிப்பை நிறுத்தியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மேசைக்குப் பின்னால் அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. இத்தனை பேர் ஆசையாகக் கொடுத்ததை ஏன் கெடுக்க வேண்டும் என்றும் தோன்றியது.

"வீட்டுல நான் பாக்கல" என்றாள். "நீங்கள்லாம் பாத்திருக்கீங்க."

அதற்கும் சிரித்தார்கள். பிறகு வடையும் கேசரியும் வந்தன.

வீட்டுக்கு இரண்டு பேரும் தேயிலை மலையோரப் பாதையில் நடந்தார்கள். பொழுது இன்னும் சாயவில்லை. தூரத்து மலையில் கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் கூடைகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால், அவள் நாலடி பின்னால். எப்போதும் அப்படித்தான். பாலம் தாண்டியதும் மார்கிரட் நின்றாள்.

"கொஞ்சம் நில்லுங்க."

அவர் நின்றார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"என்னத்தை?"

"அந்தக் கொடையை."

"அதான் சொன்னேனே. எனக்கே தெரியாது, இன்னைக்குத்தான் கேக்குறேன். குழிக்குள்ள தண்ணி நின்னிச்சி, மார்கிரட். பெட்டியை எறக்குனப்ப மேல மழை. மண்ணு போட்டு முடியிற வரைக்கும் நான் கொடையைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்பறம் அந்திக்கு குவார்ட்டர்ஸ்ல ஒக்காந்திருந்தேன், கையை மடக்க முடியல. நடுவுல ஒண்ணும் இல்ல."

"என்னப் பாக்க வரலியே. கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தேனே."

"தெரியும். வராம இருந்துட்டோமேன்னு பொறகு தெரிஞ்சிச்சி. ஏன் வரலன்னு நீ கேட்டா என்ன சொல்றது? எனக்கே தெரியலன்னா நம்புவியா? நீ கேக்கவும் இல்ல. நானும் அப்பிடியே விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது, அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வியை இவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பதினைந்து வருஷத்தைத் தின்றுவிட்டார்கள். அவர்கள் வயசு இனித் திரும்பி வருமா? பாதையோரக் கல்லில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

"நான் நாளைக்கு வட்டகொடைக்குப் போகலாம்னு இருந்தேன்" என்றாள். "தங்கச்சி வீட்டுக்கு. ஒங்களோட வர்றதா இல்ல."

"பெட்டியைப் பாத்தேன்."

"பாத்துட்டும் கேக்கல."

"கேட்டா, ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு ரெண்டு பேருமாப் போவோம். சாமான் கொத்மலைக்குப் போகட்டும். நம்ம வட்டகொடைக்குப் போயிட்டு அப்பறம் போவோம். எனக்கு அவளைக் காட்டுங்க. நீங்கதான் பாத்தீங்க, எங்க வச்சீங்கன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

ஞானரட்ணம் புதுக் குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றி, அதன் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அடுத்த வருசமே போனேன், ஒனக்குத் தெரியாம" என்றார். "சிலுவை ஒண்ணு செஞ்சி எடுத்துக்கிட்டுப் போனேன். அந்த ஆடி மழையில மண்ணு சரிஞ்சி, கல்லறை மேட்டையெல்லாம் வெட்டிச் சமப்படுத்திட்டாங்க. கோயில்காரரும் செத்துப்போயிட்டாரு. ஒன் தம்பியைக் கேட்டேன், அவனுக்கும் எடம் தெரியல. எங்க வச்சோம்னு கண்டுபுடிக்க முடியல, மார்கிரட். நாள் முழுக்கத் தேடுனேன். சிலுவையைத் திரும்ப எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பிள்ளையை எங்க வச்சேன்னு தெரியலன்னு ஒன் மொகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்றது?"

மலைக்கு மேலே மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. மார்கிரட் அவருடைய இடது கையைப் பிடியிலிருந்து பிரித்துத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டாள்.

"தெரியலன்னா பரவாயில்லங்க" என்றாள். "அங்க இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் சேத்து செபம் பண்ணிட்டு வருவோம். அதுல அவளும் இருப்பா."